வட்டியும் வந்தது, அசலும் வந்தது, அப்புறம் எந்த இரண்டு லட்சம்?

“2008 தை மாதம் அப்பா, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு 10 லட்சம் கொடுத்தார். ஒரு ரூபாய் வட்டி, ஐந்து வருடம், புரோநோட் எழுதி வாங்கினார். வருடா வருடம் வட்டி தவறாமல் வந்தது. 2013 தையில் அசலும் மொத்தமாக வந்துவிட்டது. ஆனாலும் மாமா, ‘விலைவாசி ஏறினதுல உங்கப்பா ரெண்டு லட்சத்துக்கு மேல விட்டுட்டார்’ என்கிறார். ஒரு பைசா பாக்கி இல்லையே, எந்த ரெண்டு லட்சம்? யாரிடம் போனது?”

மாமா சொல்லும் தொகை சரி. “விட்டுட்டார்” என்பதில்தான் கொஞ்சம் பிசகு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நான் சேலத்தில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவன். இதே கேள்வியோடு, கையில் பழைய புரோநோட்டுடன் வந்தவர்கள் பல பேர்.

முதலில் அந்தப் புரோநோட்டைத் திருப்பிப் பாருங்கள். காலாவதி ஆகாமல் இருக்க, வட்டி கொடுத்த ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தில் வரவு எழுதிச் சித்தப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12%. காப்பி பறித்து விற்றதும் தையில் ஒரே தடவையாகக் கொடுத்தார் என்பதால் ஒவ்வொரு வரவும் 1,20,000. ஐந்து வரியிலும் ஒரே எண். கடைசியில் அசல் 10,00,000. ரூபாயில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால் 2009-இல் எழுதிய 1,20,000-உம் 2013-இல் எழுதிய 1,20,000-உம் ஒரே பொருள் அல்ல.

அதைப் பார்க்க ரூபாயை விட்டுவிட்டு அரிசியில் கணக்குப் போடுவோம். லீ பஜாரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று 2008 தையில் 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிஜ விலை ரகத்துக்கு ரகம் மாறும், அது இங்கே முக்கியம் இல்லை. இந்தச் சிப்பம் எண்ணெய், பருப்பு, பஸ் கட்டணம், வாடகை, மருந்து எல்லாவற்றுக்கும் பதிலாக நிற்கிறது. அதன் விலை பொது விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது என்பது மட்டுமே நம் அனுமானம். அப்படியானால் அப்பா சித்தப்பாவிடம் கொடுத்தது 2,000 சிப்பம்.

கொடுக்கும்போது இருவர் மனதிலும் என்ன இருந்திருக்கும்? அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில், 2003 முதல் 2007 வரை, நுகர்வோர் விலைவாசி வருடத்துக்குச் சராசரியாக 5%-க்குச் சற்றுக் கீழேதான் ஏறியிருந்தது. யாரும் குறியீட்டெண் பார்த்து வட்டி பேசுவதில்லை. ஆனால் கடைக்குப் போகிறவனுக்கு ஒரு உத்தேசம் இருக்கும், அந்த உத்தேசம் வட்டிக்குள் ஒளிந்திருக்கும். 12% வட்டியில் 5% விலையேற்றத்துக்கு ஈடு, மிச்சம்தான் பணத்தைப் பிரிந்திருப்பதற்கான கூலி. துல்லியமாக 1.12-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.0667. அதாவது உண்மை வட்டி 6.7%. அப்பா நினைத்த கூலி அதுதான், சித்தப்பா கொடுக்கச் சம்மதித்ததும் அதுதான்.

அந்த 5% உத்தேசப்படியே நடந்திருந்தால், முதல் வருட வட்டியில் சுமார் 229 சிப்பம் வாங்கலாம். விலை ஏற ஏற அடுத்தடுத்த வட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஐந்து வட்டியும் சேர்த்து 1,039 சிப்பம். ஐந்து வருடம் கழித்துச் சிப்பம் 638 ரூபாய் ஆகியிருக்கும், அசலில் 1,567 சிப்பம் வரும். மொத்தம் 2,606. அசலே 2,000-லிருந்து 1,567 ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். அந்தக் குறைவை ஈடுகட்டத்தான் வட்டியில் ஒரு பகுதி இருக்கிறது, இருவருக்கும் அது தெரிந்தே ஒப்பந்தம் ஆனது.

நடந்தது வேறு. 2008-இல் விலைவாசி 8%-க்கு மேல் ஏறியது. 2009-இல் ஏறக்குறைய 11%, 2010-இல் 12%, அடுத்த இரண்டு வருடமும் 9% சுற்றுவட்டத்தில். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2009-இல் பருவமழை வழக்கத்தைவிட 22% குறைவாகப் பெய்தது, உணவுப் பொருள் விலை எகிறியது. 2008 தையில் ஏற்காடு அடிவாரத்தில் உட்கார்ந்து வட்டி பேசிய இருவருக்கும் இதில் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. ஐந்து வருடத்தில் மொத்தமாக 60% ஏறியது, அதாவது ஆண்டுக்குச் சராசரி 10%.

இப்போது அதே புரோநோட்டின் பின்பக்கத்தை 10% ஏற்றத்தோடு படியுங்கள். 2009 தையில் சிப்பம் 550, அந்த 1,20,000-இல் 218 சிப்பம். அடுத்த வருடம் 198. அப்புறம் 180, அப்புறம் 164. 2013 தையில் சிப்பம் 805 ரூபாய், கடைசி வட்டியில் 149 சிப்பம்தான். எழுதிய எண் ஒன்று, வாங்கிய அரிசி முதல் வரவுக்கும் கடைசி வரவுக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஐந்து வட்டியும் சேர்ந்து 910 சிப்பம். அசல் 10 லட்சத்தில் 1,242 சிப்பம். மொத்தம் 2,152.

எதிர்பார்த்தது 2,606, வந்தது 2,152. இடையில் 454 சிப்பம். 2008 விலையில் ஒரு சிப்பம் 500 வீதம் 2,27,000 ரூபாய். மாமா சொல்லும் “ரெண்டு லட்சத்துக்கு மேல” இதுதான். இதில் பெரும்பகுதி, சுமார் 1,63,000, அசலில் போனது. மீதி வட்டியில் போனது.

யாரிடம் போனது என்று கேட்டீர்கள். சித்தப்பாவிடம்தான். ஆனால் யாரும் கை நீட்டி எடுக்கவில்லை. அவர் 2008-இல் 10 லட்சத்தை வாங்கி அன்றைய விலைக்கே செலவழித்தார். காப்பி உலர்த்தக் களம் போட்டாரோ, மிளகுக் கொடி வைத்தாரோ, 2,000 சிப்பத்துக்குச் சமமான வேலையும் பொருளும் அவர் தோட்டத்துக்குள் போய்விட்டது. அதைத் தீர்க்க 2,606 சிப்பத்துக்குச் சமமாகத் தர வேண்டியிருக்கும் என்று நினைத்தார், 2,152-இலேயே தீர்ந்துவிட்டது. அப்பா பக்கம் குறைந்த 454-உம் சித்தப்பா பக்கம் மிஞ்சிய 454-உம் ஒன்றேதான். நாட்டுக்கு இதில் அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை மாறியது, அவ்வளவுதான்.

இனி “விட்டுட்டார்” விஷயம். அப்பா கொடுத்தது 2,000 சிப்பம், வாங்கியது 2,152. முதலுக்கு மோசமில்லை. அவர் இழந்தது கூலியில் பெரும்பகுதி. 1.12-ஐ 1.10-ஆல் வகுத்தால் 1.018. ஆண்டுக்கு 6.7% வரும் என்று நினைத்தவருக்கு 1.8% வந்தது. அந்தச் சமயத்தில் வங்கி டெபாசிட்டுக்கு 8–9% வட்டி. அங்கே போட்டிருந்தால் வருடா வருடம் அசலே தேய்ந்திருக்கும். இதை மாமாவிடமும் சொல்லுங்கள்.

இன்னொரு தேய்மானம் இருக்கிறது, அதை வீட்டில் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. வருமான வரி 1,20,000 முழுவதையும் வருமானமாகத்தான் பார்க்கும். அதில் பெரும்பகுதி விலையேற்றத்துக்கான ஈடு என்பது வரிச் சட்டத்துக்குத் தெரியாது. அப்பா 20% வரி வரம்பில் இருந்திருந்தால் கையில் நின்றது 96,000, அதாவது 9.6%. விலைவாசி 10%. அப்போது உண்மை வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது.

மாமா அடுத்ததாக “அப்பவே பவுன் வாங்கிப் போட்டிருந்தா” என்று ஆரம்பித்திருப்பார். அந்த ஐந்து வருடத்தில் தங்கம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது உண்மை. ஆனால் அது வேறு கதை. பொது விலைவாசி 60% ஏறியது, தங்கம் அதைத் தாண்டி ஏறியது. அந்தத் தாண்டிய பகுதி தங்கம் வாங்கியவனின் அதிர்ஷ்டம், கடன் கொடுத்தவனின் நஷ்டம் அல்ல. மிளகிலும் இதே குழப்பம் வரும். அதே காலத்தில் மிளகு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சித்தப்பா அதனால் கொழித்திருந்தால் அது மிளகு கொடுத்த லாபம். மிளகு விலை படுத்திருந்தாலும் கடனில் அவருக்குக் கிடைத்த 454 சிப்பம் கிடைத்தே இருக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் கணக்கு குழம்பிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சித்தப்பாவுக்குப் பதிலாக, ஐந்து வருடமும் சம்பளம் ஏறாத ஒருவர் கடன் வாங்கியிருந்தால்? கடனில் அவருக்கும் அதே 454 சிப்பம் லாபம்தான். ஆனால் அவர் சம்பளம் வருடத்துக்கு வருடம் அரிசியில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கும். ஒரு கையில் வந்தது இன்னொரு கையில் போயிருக்கும், மாத முடிவில் வட்டி கட்டத் திணறியும் இருப்பார். “விலைவாசி ஏறினால் கடன்காரனுக்குக் கொண்டாட்டம்” என்று பொதுவாகச் சொல்வது இந்த இடத்தில் உதைக்கும். வருமானமும் விலைவாசியோடு ஏறுகிறவனுக்குத்தான் அந்த லாபம் கையில் தெரியும்.

உங்கள் அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் அவர் வீட்டுக்குள்ளேயே இதற்கு நல்ல ஒப்பீடு ஒன்று இருக்கிறது. பென்ஷனோடு அகவிலைப்படி வந்துகொண்டிருந்திருக்கும். அந்தப் படி தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்துத்தான் ஏறுகிறது. மத்திய அரசின் லேபர் பீரோ பல ஊர்களில் மாதாமாதம் விலை எடுத்து அதைக் கணக்கிடுகிறது, அந்த ஊர்களில் சேலமும் ஒன்று. 2008-க்கும் 2013-க்கும் இடையில் சேலத்துக் கடைகளில் விலை ஏறியது அப்பாவின் பென்ஷனுக்குத் தெரிந்தது. அலமாரியில் இருந்த புரோநோட்டுக்குத் தெரியவில்லை.

இதில் விலையேற்றம் எதிர்பாராதது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெறும் விலையேற்றம் யாரிடமிருந்தும் எதையும் எடுக்காது. 10% ஏறும் என்று 2008 தையிலேயே இருவருக்கும் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா தன் 6.7% கூலியைக் காப்பாற்ற 1.0667-ஐ 1.10-ஆல் பெருக்கி 17.3% கேட்டிருப்பார். நம் பேச்சில் ஒரு ரூபாய் 44 காசு வட்டி. சித்தப்பாவும் மிளகும் காப்பியும் அதற்கேற்ப விலை போகும் என்று தெரிந்ததால் ஒப்புக்கொண்டிருப்பார். விலைவாசி இரட்டிப்பு வேகத்தில் ஏறியும் கை மாற எதுவும் இருந்திருக்காது. வட்டி விகிதத்தை விலையேற்ற எதிர்பார்ப்போடு இப்படிக் கட்டிக் காட்டியவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர், 1896-லேயே.

அதனால்தான் இது தலைகீழாகவும் நடக்கும். அப்பா 2013-இல் பாடம் கற்றுக்கொண்டு, இனி விலைவாசி 10%-இல்தான் ஓடும் என்று நம்பி, 2014 தையில் அதே 17.3%-க்கு வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் கதை மாறியிருக்கும். 2014 முதல் 2018 வரை விலைவாசி சராசரியாக 5% அளவில்தான் ஏறியது. அப்போது 1.173-ஐ 1.05-ஆல் வகுத்தால் உண்மை வட்டி கிட்டத்தட்ட 12%. வாங்கியவன் கொடுக்க நினைத்ததைப்போல் சுமார் ஒன்றே முக்கால் மடங்கு. இந்த முறை சிப்பங்கள் கடன் வாங்கியவன் களத்திலிருந்து கொடுத்தவன் வீட்டுக்குப் போயிருக்கும், அவனும் ஒரு நாள் கூடத் தவணை தவறாமல் இருந்திருப்பான். சூடு கண்ட பூனைகள் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன. ரிசர்வ் வங்கி கூட 2013 டிசம்பரில் நுகர்வோர் விலைவாசியோடு கட்டிய சேமிப்புப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. விலையேற்றம் எவ்வளவோ அவ்வளவு, அதற்கு மேல் 1.5%. வாங்க ஆள் அதிகம் வரவில்லை, கொஞ்ச நாளில் விலையேற்றமும் இறங்கிவிட்டது.

காலமும் முக்கியம். ஐந்து வருடத்துக்குப் பதிலாக ஒரு வருடக் கடன் என்றால், முதல் வருடமே விலைவாசி 5%-க்குப் பதில் 10% ஏறியிருந்தாலும் அப்பா பக்கம் குறைவது 97 சிப்பம், சுமார் 48,500 ரூபாய். அடுத்த தையில் புதுப்பிக்கும்போது, “சாமான் விலையெல்லாம் இப்படிப் போகுதே, வட்டியைக் கொஞ்சம் கூட்டு” என்று பேச வாய்ப்பு இருந்திருக்கும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் கைமாற்று ஓடுவதைப் பாருங்கள், பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். கேட்டால் ஆளை நம்ப முடியாது என்பார்கள். விலைவாசிக்கு எதிரான காப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது.

வங்கி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட வேண்டும். 2022 ஏப்ரலில் விலையேற்றம் 7.8% தொட்டது. அந்த மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை 4%-லிருந்து 6.5%-க்குக் கொண்டுபோனது. உடனே ஈ.எம்.ஐ. ஏறியது, அல்லது தவணைக் காலம் நீண்டது. எதிர்பாராத விலையேற்றத்தின் சுமை அங்கே கடன் வாங்கியவன் தலையிலேயே திரும்பி விழுந்துவிடுகிறது. சித்தப்பாவுக்கு லாபம் வந்தது வட்டி ஐந்து வருடத்துக்கு நிலையாக நின்றதால்தான்.

கேட்காவிட்டாலும் உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவிடம் இதைக் கேட்டு வாங்க முடியாது. புரோநோட்டில் எழுதியது 10 லட்சம் ரூபாய், அவர் கொடுத்தது 10 லட்சம் ரூபாய். சட்டத்தின் கண்ணில் 2008 ரூபாயும் 2013 ரூபாயும் ஒன்றுதான். இதற்கு விலக்காக நடந்த பெரிய சம்பவம் ஜெர்மனியில். 1923-இல் அங்கே விலைவாசி வெடித்து, வீட்டு அடமானக் கடன்களை ஒரு ரொட்டி விலைக்குக் கூடத் தீர்க்கலாம் என்ற நிலை வந்தது. 1925-இல் அரசு தனிச் சட்டம் போட்டு, அடமானக் கடன்களின் பழைய மதிப்பில் 25% திரும்பத் தர வேண்டும் என்றது. நாடே நிலைகுலைந்த பிறகுதான் அதுவும், கால் பங்குதான் அதுவும். 10% விலைவாசிக்கு எந்தக் கோர்ட்டும் அப்படிப் பார்க்காது.

சித்தப்பா மறுபடி கேட்டு வந்தால் மட்டும் பேச்சை வேறு மாதிரி தொடங்கலாம். காலம் ஐந்து வருடமாகவே இருக்கட்டும், உறவும் கெடாது. வட்டியை மட்டும் ஒவ்வொரு தையிலும், அதற்கு முந்தைய வருடம் சேலத்துக் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ அதற்கு மேல் 6% என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். விலைவாசி 10% ஏறிய வருடம் அவர் 16% தருவார், 3% ஏறிய வருடம் 9% தருவார். மழை பொய்த்து, விளைச்சலும் போய், விலையும் ஏறிய வருடத்தில் அந்த 16% அவருக்குக் கசக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, “எதுக்கு இந்த வம்பு, ஒன்றரை ரூபாயாவே எழுதிக்கோ அண்ணா” என்று சொன்னால், அடுத்த ஐந்து வருடம் விலைவாசி எப்படிப் போகும் என்று அவர் நினைக்கிறார் என்பதை உங்கள் அப்பா அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.